இருபது வருஷம், ஒரே கம்பெனி, ஏழு வாக்கியம்

ரெஸ்யூமேயின் மேல்பகுதியில், பெயருக்கும் போன் நம்பருக்கும் கீழே, ஏழெட்டு வரி எழுத ஓர் இடம் உண்டு. புரொஃபைல் சம்மரி என்பார்கள். மூன்று நான்கு கம்பெனி மாறியவருக்கு இந்த இடம் பெரிய தலைவலி இல்லை. எங்கே தொடங்கினார், எங்கே வளர்ந்தார் என்பதைக் கீழே உள்ள கம்பெனிப் பெயர்களே ஓரளவு சொல்லிவிடும். ஒரே இடத்தில் இருபது வருஷம் இருந்தவருக்குக் கீழே இருப்பது ஒரு பெயரும் ஒரு தேதியும்தான்: ‘ஜூன் 2005 முதல் இன்றுவரை’. அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் நடந்தது என்பதை முதல் பார்வையிலேயே தெரியவைக்க அவருக்கு இருப்பது மேலே உள்ள சம்மரி மட்டுமே.

ஆனால் நம் ஊர் ரெஸ்யூமேக்களில் அந்த இடத்தைப் பெரும்பாலும் இன்னமும் ‘ஆப்ஜெக்டிவ்’ பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘சவாலான பணிச்சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன்’ என்ற அதே வாக்கியம். கல்லூரிக் கடைசி வருஷத்தில் சீனியரிடம் வாங்கிய பயோடேட்டாவிலிருந்து எடுத்தது. இருபது வருஷமாக வேலை தேட வேண்டிய அவசியமே வராததால் அதைத் திருத்தும் அவசியமும் வரவில்லை. கடைசியில் அப்பா பெயர், மதம், ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற உறுதிமொழி எல்லாம் அப்படியே இருக்கும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம். கோயம்புத்தூரில் தண்ணீர் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. ஆண்டு விற்பனை 40 கோடி ரூபாய். அங்கே பி.காம். முடித்த ஒரு பெண் 2005-ல் கணக்கு உதவியாளராகச் சேர்ந்தார். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். கம்பெனி கைமாறியது, கணக்குப் பிரிவை வேறு ஊரில் உள்ள தலைமை அலுவலகத்தோடு சேர்க்கப்போகிறார்கள். ஊரை விட்டுப் போக அவரால் முடியாது. ஆகவே உள்ளூரிலேயே வேறு வேலை தேடுகிறார்.

அவர் முதலில் எழுதிய சம்மரி இப்படி இருக்கிறது. ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் இருக்கும். படிக்க வசதியாக இங்கே தமிழில்:

“20 ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் உள்ள, கடின உழைப்பும் நேர்மையும் விசுவாசமும் மிக்க கணக்காளர். கணக்கு, வரி, வங்கி, சம்பளம், ஆடிட் என அனைத்துப் பணிகளிலும் நல்ல அனுபவம். டேலி தெரியும். புகழ்பெற்ற நிறுவனத்தில் தகுதிக்கேற்ற பதவியை எதிர்பார்க்கிறேன்.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் கோவையில் டேலி முன்னால் உட்கார்ந்திருக்கும் எல்லாக் கணக்காளரும் இதையே தங்கள் பெயரில் போட்டுக்கொள்ளலாம். விசுவாசம் என்று தனியாகச் சொல்லவும் தேவையில்லை. 2005 என்ற தேதியே அதைச் சொல்கிறது. இன்னும் சொல்லப்போனால், படிப்பவருக்கு அந்தத் தேதிதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. ‘இவருக்குத் தெரிந்தது கணக்கு வேலையா, அந்த ஒரு கம்பெனியின் கணக்கு வேலையா? அங்கே இருந்த முதலாளி, அங்கே இருந்த ஆடிட்டர், அங்கே இருந்த பழக்கம் இல்லாமல் இன்னோர் இடத்தில் இவரால் ஓட்ட முடியுமா?’ வேலைக்கு ஆள் எடுப்பவர் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார். அடுத்த ரெஸ்யூமேவுக்குப் போய்விடுவார்.

போவதற்கு அவருக்கு அதிக நேரமும் ஆகாது. லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம், ரெஸ்யூமே படிக்கும்போது ஆள் எடுப்பவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று 2018-ல் கருவி வைத்துப் பார்த்தது. முதல் பார்வைக்குச் சராசரியாக 7.4 விநாடி என்று வந்தது. அதில் தேறிய ரெஸ்யூமேயை மட்டும் பிறகு நிதானமாகப் படிக்கிறார்கள். இணையத் தளங்களில் அந்தப் பார்வை கிடைப்பதற்கு முன்பே இன்னொரு சல்லடை இருக்கிறது. நௌக்ரி போன்ற தளத்தில் ஆள் எடுப்பவர் ‘ஜி.எஸ்.டி.’, ‘இ-இன்வாய்ஸ்’, ‘டேலி பிரைம்’, ‘கோயம்புத்தூர்’ என்று தட்டித் தேடுகிறார். அந்தச் சொற்கள் எங்கும் இல்லாத ரெஸ்யூமே அவர் கண்ணிலேயே படாது. ‘வரிப் பணிகளில் நல்ல அனுபவம்’ என்று தேடுகிறவர் யாரும் இல்லை.

இருபது வருஷத்தைப் பிரிப்பதுதான் இதற்கு வழி. கம்பெனி மாறவில்லை என்றாலும் வேலை மாறியிருக்கும். அந்த மாற்றங்களைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

நம் கணக்காளரின் தாளைப் பார்ப்போம். அவர் சேர்ந்தபோது தமிழ்நாட்டில் பழைய விற்பனை வரி இருந்தது. 2007 ஜனவரி 1 முதல் வாட் வந்தது. 2017 ஜூலை 1 அன்று வாட், மத்திய கலால் வரி, சேவை வரி எல்லாம் போய் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-ல் சரக்கு லாரியோடு இ-வே பில் போக வேண்டும் என்றானது. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை உள்ள பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் தொடங்கியது. பிறகு வரம்பு படிப்படியாக இறங்கி, 2022 ஏப்ரல் 1 முதல் 20 கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் கட்டாயமானது. 40 கோடிக் கம்பெனி அதில் அகப்பட்டது. அன்றிலிருந்து ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் அரசுத் தளத்தில் பதிந்து, அது தரும் கியூ.ஆர். கோடை அச்சிட்டால்தான் பில் செல்லும். அதே வருஷம் ஜூலை 18-ல் தண்ணீர் பம்ப் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. ஒரே இரவில் டேலியில் உள்ள எல்லாப் பொருளுக்கும் விகிதத்தை மாற்ற வேண்டும், டீலர்களின் விலைப்பட்டியலைத் திருத்த வேண்டும், பாதி வழியில் நிற்கும் ஆர்டர்களுக்கு எந்த விகிதம் என்று முடிவெடுக்க வேண்டும்.

மூன்று வரி முறைகளையும், ஒரு கணக்கு மென்பொருளின் பல பதிப்புகளையும், கையால் பில் எழுதிய காலத்திலிருந்து தளத்தில் பில் பதியும் காலம் வரையும் அவர் கடந்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறிய ஆளுக்கு இதில் ஒரு மாற்றத்தைக்கூட ஆரம்பம் முதல் முடிவு வரை இருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்காது. ஒரே இடத்தில் இருந்ததன் உண்மையான பலம் இதுதான். ‘20 ஆண்டு அனுபவம்’ என்ற சொற்றொடர் அதை மூடி மறைத்துவிடுகிறது.

மாற்றங்களைப் பட்டியல் போட்ட பிறகு அடுத்த கேள்வி: இவற்றில் இவர் கையால் நடந்தது எது? ஜி.எஸ்.டி. எல்லாக் கம்பெனிக்கும்தான் வந்தது. அது வந்தபோது அங்கே இருந்தார் என்பது தகுதி ஆகாது.

இங்கே மாதாமாதம் நடக்கும் ஒரு வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கம்பெனி காஸ்டிங்கும் காப்பர் ஒயரும் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை, பம்ப் விற்றுக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதுதான் இன்புட் கிரெடிட். ஆனால் 2022 ஜனவரி முதல், சப்ளையர் தன் விற்பனையைத் தளத்தில் காட்டி, அது நம்முடைய 2பி அறிக்கையில் வந்திருந்தால்தான் கழிக்க முடியும். மாதந்தோறும் கணக்கு காட்டும் சப்ளையருக்குக் கடைசி நாள் 11-ம் தேதி. 2பி வருவது 14-ம் தேதி. நம் கம்பெனி வரி கட்ட வேண்டியது 20-ம் தேதிக்குள். இடைப்பட்ட ஆறே நாளில் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் பில் பில்லாக ஒப்பிட வேண்டும். ஒரு சிறிய காஸ்டிங் பட்டறை கணக்கு காட்ட மறந்திருந்தால் அந்தப் பணம் நம் கையிலிருந்து போகும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோதான் திரும்பும்.

நம் கணக்காளர் இதற்கு ஓர் ஏற்பாடு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் பிறந்ததும், அடிக்கடி தாமதிக்கும் சப்ளையர்களின் பட்டியலை எடுத்து, 11-ம் தேதிக்கு முன்பே போன் போட ஒருவரை உட்கார வைத்தார். 2பி-யில் பில் தெரியும்வரை வரித்தொகையை மட்டும் நிறுத்தி வைத்துப் பணம் கொடுக்கலாம் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்தார். முன்பு மாதக் கடைசியில் சுமார் எட்டு லட்சம் ரூபாய் கிரெடிட் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு வருஷத்தில் அது இரண்டு லட்சத்துக்கு வந்தது. இதை அவர் சாதனையாக நினைத்ததே இல்லை. ‘அது என் வேலைதானே’ என்பார். ஒரே இடத்தில் நெடுநாள் இருந்தவர்களுக்கு வரும் சிக்கல் இதுதான்: தாங்கள் ஏற்படுத்திய முறை தினசரிப் பழக்கமாகிவிடுவதால், அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பதே மறந்துபோகிறது. ‘நான் வருவதற்கு முன்பு இது எப்படி நடந்தது? நான் நாளைக்கு வராவிட்டால் எது முதலில் நிற்கும்?’ இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதினால் சம்மரிக்கான சரக்கு கிடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ரூபாய்க் கணக்கு சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் அளவு சொல்லலாம்: மாதம் எத்தனை பில், எத்தனை சப்ளையர், எத்தனை பேருக்குச் சம்பளம், கீழே எத்தனை பேர். கம்பெனியின் ஆண்டு விற்பனை பிரைவேட் லிமிடெட் நிறுவனங்கள் அரசிடம் தாக்கல் செய்யும் கணக்கிலேயே இருப்பது. ‘சுமார்’ போட்டுச் சொல்வதில் தவறில்லை. டீலருக்கு எவ்வளவு கமிஷன், எந்தச் சப்ளையரிடம் என்ன விலை என்பவை அப்படிப்பட்டவை அல்ல. அவை ரெஸ்யூமேயில் வந்தால், ‘நாளைக்கு நம் ரகசியத்தையும் இப்படித்தான் எழுதுவார்’ என்றுதான் புதிய முதலாளி நினைப்பார்.

அடுத்த சிக்கல் பதவிப் பெயர். பழைய கம்பெனிகளில் பதவிக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்காது. நம் கணக்காளர் 2016 முதல் அந்தப் பிரிவையே நடத்துகிறார். ஆடிட்டருக்குப் பதில் சொல்வதும் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் அனுப்புவதும் அவர்தான். ஆனால் அடையாள அட்டையில் ‘சீனியர் அசிஸ்டென்ட், கிரேடு 2’ என்றிருக்கிறது. வெளியே இதைப் படிப்பவர் இரண்டாம் நிலை எழுத்தர் என்று நினைப்பார். அதற்காக ரெஸ்யூமேயில் ‘அக்கவுன்ட்ஸ் மேனேஜர்’ என்று தானாகப் பட்டம் சூட்டிக்கொள்ளக் கூடாது. வேலை கிடைத்த பிறகு சரிபார்ப்பு நடக்கும். ரிலீவிங் லெட்டரில் உள்ள பதவியும் ரெஸ்யூமேயில் உள்ள பதவியும் ஒத்துப்போகாவிட்டால் கைக்கு வந்த வேலை போகும். அனுபவப் பகுதியில் கம்பெனி கொடுத்த பெயரையே போட்டுவிட்டு, சம்மரியில் ‘கணக்குப் பிரிவை நடத்திவருபவர்’ என்று செய்த வேலையைச் சொன்னால் போதும். அது பட்டம் இல்லை, உண்மை. யார் கேட்டாலும் நிற்கும்.

இத்தனையும் சேர்ந்த பிறகு அவருடைய சம்மரி இப்படி ஆகிறது:

“உற்பத்தித் தொழிற்சாலைக் கணக்கிலும் ஜி.எஸ்.டி. பணிகளிலும் தேர்ந்த கணக்காளர், பி.காம். ஆண்டுக்குச் சுமார் 40 கோடி ரூபாய் விற்பனையுள்ள பம்ப் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவை 2016 முதல் மூவர் குழுவுடன் நடத்திவருபவர். வாட்டிலிருந்து ஜி.எஸ்.டி.க்கும் (2017), இ-இன்வாய்ஸுக்கும் (2022) கம்பெனியை மாற்றும் வேலையை முன்னின்று முடித்தவர். மாதாந்திர 2பி ஒப்பீட்டுக்கு முறை வகுத்து, நிலுவையில் நின்ற இன்புட் கிரெடிட்டை ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்காகக் குறைத்தவர். டேலி பிரைம், எக்செல், ஜி.எஸ்.டி., இ-வே பில் தளங்களில் தினசரிப் பழக்கம். கணக்கு உதவியாளராகச் சேர்ந்து, அதே நிறுவனத்தில் இரண்டு பதவி உயர்வு பெற்றவர். கோயம்புத்தூர் வட்டாரத்தில் நடுத்தர உற்பத்தி நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவுப் பொறுப்பைத் தேடுகிறார்.”

ஏழு வாக்கியம். ‘20 ஆண்டு’ என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனிக்கலாம். மறைக்கும் நோக்கம் எதுவும் இல்லை. 2005 என்ற தேதி கீழே அப்படியே இருக்கிறது. சிலர் வயது தெரியக் கூடாதென்று தேதிகளையே வெட்டிவிடுவார்கள். அது ஆபத்து. பி.எஃப். கணக்கின் பணிவரலாற்றில் சேர்ந்த தேதி இருக்கிறது, சரிபார்ப்பில் அது வெளியே வரும். இங்கே செய்திருப்பது வரிசையை மாற்றியது மட்டும்தான். முதலில் இன்று என்ன செய்கிறார், எவ்வளவு பெரிய இடத்தில் செய்கிறார் என்பது. பிறகு அவர் கையால் நடந்த மாற்றங்கள். நீண்டகாலம் இருந்தது ஆறாவது வாக்கியத்தில்தான் வருகிறது. அங்கேயும் பதவி உயர்வோடு சேர்ந்து வருவதால், ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்ற எண்ணம் எழுவதில்லை. வாட் பெயருக்கு மட்டும் வருகிறது. அதற்கு முந்தைய விற்பனை வரி வரவே இல்லை. அவை போய்விட்ட சட்டங்கள். அவற்றில் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது புதிய கம்பெனிக்குத் தேவையில்லை.

இந்த ஏழு வாக்கியத்தையும் எல்லா இடத்துக்கும் அப்படியே அனுப்ப முடியாது. ஐநூறு கோடி நிறுவனத்தில் ஜி.எஸ்.டி.க்கு மட்டும் தனிப் பிரிவு இருக்கும். அங்கே விண்ணப்பித்தால் 2பி வேலை இரண்டாவது வாக்கியமாக ஏற வேண்டும்; ‘மூவர் குழு’ அங்கே சிறியதாகத் தெரியுமென்பதால் பின்னால் போகலாம். பத்துக் கோடிப் பட்டறைக்கு விண்ணப்பித்தால் நிலைமை வேறு. அங்கே சம்பளம், வங்கி, ஆடிட் எல்லாவற்றையும் ஒருவரே பார்க்க வேண்டும். முதல் வரைவில் வெறும் பட்டியலாக நின்ற அந்தச் சொற்கள் இங்கே உயிர் பெறுகின்றன: ‘மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வங்கிக்கான ஸ்டாக் ஸ்டேட்மென்ட், ஆண்டு ஆடிட் என அனைத்தையும் தனியாகக் கையாண்டவர்.’ விளம்பரத்தைப் படித்து, அவர்கள் முதலில் கேட்டிருப்பது எதுவோ அதை முதல் இரண்டு வாக்கியத்துக்குள் கொண்டுவந்தால் சரி.

இடத்தின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நௌக்ரியில் புரொஃபைல் சம்மரிக்கு 1,000 எழுத்துதான் இடம். மேலே உள்ளது ஆங்கிலத்தில் அதற்குள் அடங்கும். லிங்க்ட்இன்னில் 2,600 எழுத்து வரை எழுதலாம். ஆனால் திறந்தவுடன் தெரிவது முதல் சில வரிகள் மட்டுமே; மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். ஆகவே அங்கே நீட்டி எழுதினாலும் தொடக்கம் இதே தொடக்கமாக இருப்பதே நல்லது. லிங்க்ட்இன் இன்னொரு வகையிலும் இவர்களுக்கு உதவுகிறது. ஒரே கம்பெனியின் கீழ் ஒவ்வொரு பதவியையும் தனித்தனித் தேதியோடு சேர்க்கலாம். பதவி உயர்வு படிப்படியாகத் தெரியும். காகித ரெஸ்யூமேயிலும் இதையே செய்ய வேண்டும். ‘2005 முதல் இன்றுவரை’ என்று ஒரே கட்டமாக விடாமல், 2005–2010, 2010–2016, 2016 முதல் என்று பிரித்துப் போட்டால் சம்மரியில் சொன்னதற்குக் கீழேயே சான்று நிற்கும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதே வேலை பார்க்கும், ஆனால் அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, ‘இதில் எந்த வாக்கியத்தை உன் ரெஸ்யூமேயில் அப்படியே போட்டுக்கொள்ளலாம்?’ என்று கேட்க வேண்டும். அவர் சுட்டும் வாக்கியங்களை எடுத்துவிடலாம். பிறகு, ‘எது புரியவில்லை?’ என்று கேட்க வேண்டும். கம்பெனிக்குள் எல்லோரும் சொல்லும் ஃபார்ம் பெயர்கள், பிரிவுச் சுருக்கங்கள், மென்பொருளுக்கு உள்ளூரில் வைத்த பெயர்கள் அப்போது அகப்படும். இருபது வருஷம் ஒரே இடத்தில் பேசிய மொழி எவ்வளவு தூரம் உள்மொழியாகிவிட்டது என்பது எழுதியவருக்குத் தானாகத் தெரியாது.

மிச்சம் இருப்பது நேர்முகத் தேர்வு. சம்மரியில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் அங்கே ஒரு கேள்வியாக வரும். ‘நான்கில் ஒரு பங்கு என்கிறீர்களே, எப்படி?’ என்று கேட்டால், தாமதிக்கும் சப்ளையர் பட்டியலிலிருந்து தொடங்கி ஐந்து நிமிஷம் பேச முடிய வேண்டும். ஆடிட்டர் செய்த வேலையை அல்லது மேனேஜர் எடுத்த முடிவைத் தன் பெயரில் எழுதியிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ‘முன்னின்று முடித்தவர்’ என்பதற்கும் ‘உடனிருந்து உதவியவர்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதும்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. உதவியவர் என்று எழுதுவதிலும் குறைவொன்றுமில்லை.

வேலையை விடப்போகிறோம் என்று தெரிந்தவுடன் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கிவிடுங்கள். கம்பெனி ஃபைல்களை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம், அது தவறு. எந்த வருஷம் எந்தப் பதவி, கீழே எத்தனை பேர், மாதம் எத்தனை பில், எந்த மாற்றம் எந்தத் தேதியில் என்பதை மட்டும் சொந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பதவி உயர்வுக் கடிதங்கள், ஃபார்ம் 16 ஆகியவற்றின் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி நாள் மாலையில் கம்பெனி மெயிலும் லாகின்னும் மூடப்பட்ட பிறகு இவற்றை நினைவிலிருந்துதான் எழுத வேண்டியிருக்கும்.